வேலை எப்போது முடியும்? கடந்த வாரங்களைக் கொண்டு தேதியைக் கணிப்பது எப்படி

“இந்த ரிலீஸ் எப்போ முடியும்?” என்று மேனேஜர் கேட்டதும் பெரும்பாலான சாஃப்ட்வேர் அணிகள் செய்வது ஒன்றுதான். மீதமிருக்கும் டிக்கெட்டுகளை, அதாவது தனித்தனியாகப் பதிந்து வைத்த வேலைகளை, ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு இரண்டு நாள், இதற்கு ஐந்து நாள் என்று ஆளாளுக்கு ஓர் எண் சொல்வார்கள். எல்லாவற்றையும் கூட்டி, பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்தால் ஒரு தேதி வந்துவிடும். அந்தத் தேதிக்குள் முடிய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இங்கே சொல்லப்போவது வேறு வழி. இதில் யாரும் எதையும் எஸ்டிமேட் செய்ய வேண்டியதில்லை. உங்கள் அணி கடந்த சில வாரங்களில் வாரத்துக்கு எத்தனை டிக்கெட் முடித்தது என்ற பட்டியல் இருந்தால் போதும். அதைத்தான் த்ரூபுட் என்கிறார்கள். அந்தப் பட்டியலிலிருந்து மான்டே கார்லோ சிமுலேஷன் முறையில் ஆயிரக்கணக்கான எதிர்காலங்களை உருவாக்கி, எத்தனை எதிர்காலங்களில் வேலை எந்தத் தேதிக்குள் முடிகிறது என்று எண்ணப் போகிறோம். 1946-இல் உடல்நலம் தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாக ஆடும் சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்றபோது இந்த யோசனை பிறந்தது. சூத்திரம் போட்டுத் திணறுவதைவிட நூறு முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணுவது எளிது என்று அவருக்குப் பட்டது. அவரும் கணிதவியலாளர் ஜான் வான் நியூமனும் அதை அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அணுக்கரு ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள். நமக்கு அவ்வளவு பெரிய கணினி தேவையில்லை, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

முதலில் எண்ணுங்கள்

எடுத்துக்காட்டுக்குச் சென்னையில் ஒரு அணியை வைத்துக்கொள்வோம். ஆறு பேர், ஒரு போர்டு, அதில் மீதம் 40 டிக்கெட். 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை அன்று வேலையைத் தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய 12 வாரங்களில், அதாவது 2025 அக்டோபர் 13-இல் தொடங்கிய வாரம் முதல், வாரத்துக்கு முடித்த டிக்கெட்டுகள் இவை:

4, 0, 5, 6, 2, 5, 7, 3, 5, 4, 6, 1

இரண்டாவதாக இருக்கும் பூஜ்யம் தீபாவளி வாரம். கடைசி 1, புத்தாண்டை ஒட்டிய வாரம். இந்த இரண்டையும் பார்த்ததும் “அதெல்லாம் லீவு, கணக்கிலிருந்து எடுத்துடலாம்” என்று யாராவது சொல்வார்கள். எடுக்காதீர்கள். லீவு, காய்ச்சல், புரொடக்‌ஷனில் வந்த அவசரம் எல்லாம் வரப்போகும் வாரங்களிலும் ஏதோ ஒரு வடிவில் வரத்தான் போகின்றன. நம் அணிக்கு ஜனவரி நடுவிலேயே பொங்கல் இருக்கிறது. மோசமான வாரங்களை நீக்கிவிட்டால், மோசமான வாரமே வராத ஓர் எதிர்காலத்தைத்தான் கணிப்பீர்கள்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியது, “முடிந்தது” என்றால் என்ன என்பது. கோட் எழுதியாகிவிட்டது, டெஸ்டிங்கில் இருக்கிறது என்றால் அது முடிந்ததல்ல. 40 டிக்கெட்டும் எந்த நிலையை எட்டினால் ரிலீஸ் முடிந்தது என்பீர்களோ, அதே நிலையை எட்டிய டிக்கெட்டுகளை மட்டுமே பழைய வாரங்களிலும் எண்ண வேண்டும். இரண்டு இடத்திலும் அளவுகோல் ஒன்றாக இல்லாவிட்டால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் உதவாது.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் வரும். டிக்கெட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, அரை நாளில் முடிவதும் உண்டு, இரண்டு வாரம் இழுப்பதும் உண்டு. வெறும் எண்ணிக்கையை வைத்துக் கணிப்பது சரியா? சரிதான், ஒரு நிபந்தனையோடு. கடந்த 12 வாரங்களிலும் சின்னதும் பெரியதும் கலந்துதான் வந்தன. 7 டிக்கெட் முடிந்த வாரத்தில் பல சின்ன வேலைகள் இருந்திருக்கலாம், 2 முடிந்த வாரத்தில் ஒரு பெரிய வேலை எல்லோரையும் இழுத்திருக்கலாம். அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. வரப்போகும் 40 டிக்கெட்டும் அதே மாதிரியான கலவையாக இருந்தால் எண்ணிக்கை போதும். “பேமெண்ட் முழுவதையும் மாற்றுதல்” என்று ஒரே டிக்கெட்டில் ஒரு மாத வேலையை அடைத்து வைத்திருந்தால், அதை முதலில் வழக்கமான அளவுக்கு உடைத்துவிடுங்கள். ஒவ்வொரு டிக்கெட்டின் அளவையும் மதிப்பிட்டு ஸ்டோரி பாயிண்ட் போடச் செலவிடும் நேரத்தை இந்த உடைக்கும் வேலைக்குச் செலவிடுவது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

சராசரி ஏன் போதாது

மேலே உள்ள 12 எண்களின் கூட்டுத்தொகை 48. வாரத்துக்குச் சராசரி 4. மீதம் 40 டிக்கெட், ஆகவே 10 வாரம். ஜனவரி 5-இல் தொடங்கினால் மார்ச் 13, வெள்ளிக்கிழமை. கணக்கு கச்சிதமாக இருக்கிறது, பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் 10 வாரத்தில் கிடைக்கும் மொத்தம் சில சமயம் 40-க்கு மேலேயும் சில சமயம் கீழேயும் வரும். சராசரியை வைத்துச் சொன்ன தேதி இந்த இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. நம் அணிக்கு மார்ச் 13-க்குள் முடியும் வாய்ப்பு நூற்றுக்கு சுமார் 54 என்று கீழே பார்க்கப் போகிறோம். நாணயத்தைச் சுண்டிப் போட்டு வாடிக்கையாளரிடம் தேதி சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. இந்த 54 என்ற எண் கண்ணில் படாததால்தான் மார்ச் 13-ஐ எல்லோரும் உறுதியான தேதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு முறை கையால் செய்து பாருங்கள்

கணினிக்குப் போவதற்கு முன் இதைக் காகிதத்தில் ஒரு முறை செய்யச் சொல்வேன். ஐந்து நிமிடம்தான் ஆகும், அதன் பிறகு இந்த முறையில் புரியாதது எதுவும் இருக்காது.

12 துண்டுச் சீட்டில் 12 எண்களையும் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்றை எடுங்கள், அதுதான் முதல் வாரம். எண்ணைக் குறித்துக்கொண்டு சீட்டைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். குலுக்கி மறுபடி எடுங்கள், அது இரண்டாவது வாரம். கூட்டுத்தொகை 40-ஐத் தொடும் வரை இப்படியே செய்யுங்கள். எத்தனை முறை எடுத்தீர்களோ அத்தனை வாரம்.

முதல் சுற்றில் 5, 6, 1, 5, 4, 7, 0, 5, 3, 6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒன்பதாவது சீட்டில் மொத்தம் 36, பத்தாவதில் 42. இந்த எதிர்காலத்தில் வேலை 10 வாரத்தில் முடிகிறது. இரண்டாவது சுற்றில் 2, 4, 0, 5, 1, 6, 3, 5, 0, 4, 5, 7 என்று வந்தால், பதினொன்றாவது சீட்டில் 35, பன்னிரண்டாவதில் 42. இது 12 வார எதிர்காலம்.

எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவது முக்கியம். போடாவிட்டால் 12 சீட்டும் தீரும்போது எப்போதும் 48 தான் வரும், ஏற்ற இறக்கம் காணாமல் போய்விடும். திரும்பப் போடுவதால்தான் ஒரு சுற்றில் பூஜ்யம் இரண்டு முறை வரவும், இன்னொரு சுற்றில் வராமலே போகவும் முடிகிறது. உண்மையான வாரங்களும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆயிரம் சுற்று

ஒரு ஷீட்டுக்கு `Data` என்று பெயர் வைத்து, `A2` முதல் `A13` வரை 12 எண்களையும் இடுங்கள். இன்னொரு ஷீட்டுக்கு `Sim` என்று பெயர் வையுங்கள். அதில் ஒவ்வொரு வரிசையும் ஒரு சுற்று. `A1`-இல் 0 இடுங்கள். `B1`-இல் இந்தச் சூத்திரம்:

```
=A1+INDEX(Data!$A$2:$A$13,RANDBETWEEN(1,12))
```

இது ஒரு சீட்டு எடுத்து, அதுவரை சேர்ந்த மொத்தத்தோடு கூட்டுகிறது. இதை வலப்பக்கம் `AE1` வரை இழுத்தால் 30 வாரம். கூகுள் ஷீட்ஸில் புதிய ஷீட் `Z` வரைதான் இருக்கும் என்பதால், முதலில் சில நெடுவரிசைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு `AF1`-இல்:

```
=COUNTIF(A1:AE1,"<40")
```

மொத்தம் 40-க்குக் கீழே இருந்த கட்டங்களை இது எண்ணுகிறது. தொடக்கத்தில் இட்ட பூஜ்யமும் அதில் சேர்வதால், வரும் எண் நேராக 40-ஐத் தொட்ட வாரத்தின் எண்ணாகவே இருக்கும். முதல் வரிசையை அப்படியே 1000-ஆவது வரிசை வரை இழுத்துவிடுங்கள். `AF` நெடுவரிசையில் எங்காவது 31 தெரிந்தால் அந்தச் சுற்றில் 30 வாரத்தில் வேலை முடியவில்லை என்று அர்த்தம், வாரங்களைக் கூட்ட வேண்டும். நம் எண்களுக்கு அந்த நிலை வராது.

இப்போது `Data` ஷீட்டில் `C2` முதல் 8, 9, 10 என்று 14 வரை எழுதி, பக்கத்தில் `D2`-இல் இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF(Sim!$AF$1:$AF$1000,"<="&C2)/1000
```

ஷீட்டில் எதைத் தொட்டாலும் எண்கள் கொஞ்சம் ஆடும். `RANDBETWEEN` ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டு எடுப்பதால்தான் இப்படி. ஆயிரம் சுற்றில் ஓரிரு சதவீதம் மேலும் கீழும் போவது இயல்பு. ஐந்தாறு சதவீதம் ஆடினால் சூத்திரங்களை ஒரு முறை சரிபாருங்கள்.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு அதே வேலை சில வரிகளில்:

```python
import random
from collections import Counter

data = [4, 0, 5, 6, 2, 5, 7, 3, 5, 4, 6, 1]
runs = 10000

def weeks_needed(left):
    weeks = 0
    while left > 0:
        left -= random.choice(data)
        weeks += 1
    return weeks

results = Counter(weeks_needed(40) for _ in range(runs))
total = 0
for w in sorted(results):
    total += results[w]
    print(w, round(100 * total / runs))
```

வந்த எண்களைப் படிப்பது

நம் அணிக்கு விடை ஏறக்குறைய இப்படி வரும். 8 வாரத்துக்குள் முடியும் வாய்ப்பு நூற்றுக்கு 9. 9 வாரத்துக்கு 29. 10 வாரத்துக்கு 54. 11 வாரத்துக்கு 75. 12 வாரத்துக்கு 88. 13 வாரத்துக்கு 95.

சராசரி சொன்ன 10 வாரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நூற்றில் 46 எதிர்காலங்களில் அந்தத் தேதி தவறுகிறது. இரண்டே வாரம் தள்ளி, மார்ச் 27 என்று சொன்னால் தவறுவது 12-ஆகக் குறைகிறது. அதற்கு மேல் தள்ளத் தள்ளக் கிடைக்கும் நிம்மதி சிறுத்துக்கொண்டே போகிறது. எத்தனை வாரம் தள்ளினால் எவ்வளவு கிடைக்கும் என்பதை இப்படி எண்ணாகப் பார்க்கும்போது, “சேஃப்டிக்கு ஒரு மாசம் போட்டுக்கலாம்” என்ற பேச்சுக்கே வேலையில்லாமல் போகிறது.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? பல அணிகள் 85-ஐ வைத்துக்கொள்கின்றன. அதில் கணிதம் எதுவும் இல்லை, வெறும் பழக்கம்தான். தேதி தவறினால் என்ன நஷ்டம் என்பதுதான் இதை முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் ஒரு டாஷ்போர்டு என்றால் 70 கூடப் போதும். வாடிக்கையாளர் அந்தத் தேதியை நம்பி விளம்பரம் கொடுக்கப் போகிறார் என்றால் 95 கேளுங்கள். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் மேனேஜர். ஒவ்வொரு தேதிக்கும் என்ன வாய்ப்பு என்பதை அவர் முன் வைப்பது உங்கள் வேலை.

சொல்லும்போது தேதியையும் வாய்ப்பையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். “மார்ச் 27-க்குள் முடிய நூற்றுக்கு 88 வாய்ப்பு இருக்கு சார். மார்ச் 13-ன்னா 54 தான்.” மேனேஜர் “அதெல்லாம் வேண்டாம்பா, ஒரே தேதியா சொல்லு” என்றால் மார்ச் 27 என்று சொல்லலாம். ஆனால் அனுப்பும் மெயிலில் பக்கத்திலேயே 88 என்று எழுதிவிடுங்கள். ஸ்லைடிலிருந்து ஸ்லைடுக்குப் போகும்போது வாய்ப்பு உதிர்ந்து, தேதி மட்டும் மிஞ்சுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது.

சில சமயம் கேள்வி தலைகீழாக வரும். தேதி மார்ச் 13 தான், மாற்ற முடியாது. அதற்குள் எவ்வளவு முடியும்? அதே ஷீட்டிலேயே விடை இருக்கிறது. பத்தாவது வாரத்தின் மொத்தங்கள் `K` நெடுவரிசையில் இருக்கின்றன. அவற்றில் 33-ஐத் தொட்ட சுற்றுகள் எத்தனை, 34-ஐத் தொட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். நம் அணிக்கு 33 டிக்கெட் என்றால் வாய்ப்பு சுமார் 88, 34 என்றால் சுமார் 84. ஆகவே 85 வேண்டுமென்றால் 33 டிக்கெட்டுக்கு ஒப்புக்கொள்ளலாம். 40-இல் எந்த 7 டிக்கெட் வெளியே போக வேண்டும் என்ற பேச்சை அன்றே ஆரம்பித்துவிடலாம்.

40 என்பது 40 ஆகவே இருக்காது

இதுவரை செய்த கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ரிலீஸ் தொடங்கும்போது 40 டிக்கெட், முடியும்போதும் 40 என்று வைத்துக்கொண்டோம். வேலைக்குள் இறங்கியதும் ஒரு டிக்கெட் மூன்றாக உடையும், டெஸ்டிங்கில் பக் வரும், யாரோ மறந்துபோன ஒரு ஸ்கிரீன் நினைவுக்கு வரும். இந்த முறையைப் புதிதாகப் பயன்படுத்துபவர்களின் கணிப்பு தவறுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். வேகத்தைச் சரியாகக் கணித்துவிட்டு, தூரத்தைக் கணிக்க மறந்துவிடுகிறார்கள்.

இதற்கும் பழைய கணக்கையே கேட்க வேண்டும். முந்தைய ரிலீஸைத் திறந்து பாருங்கள். அது 30 டிக்கெட்டோடு தொடங்கி, கடைசியில் 39 முடித்து மூடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீத வளர்ச்சி. 40-இல் 30 சதவீதம் 12. ஆகவே இந்த முறை மொத்தம் 40 முதல் 52 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதையும் குலுக்கி எடுக்கிறோம். ஷீட்டில் `AG1`-இல் `=RANDBETWEEN(40,52)` இட்டு, `AF1`-ஐ இப்படி மாற்றி, இரண்டையும் கீழே இழுத்தால் போதும்:

```
=COUNTIF(A1:AE1,"<"&AG1)
```

பைத்தானில் `weeks_needed(40)` இருக்கும் இடத்தில் `weeks_needed(random.randint(40, 52))` என்று எழுதுங்கள்.

இப்போது 10 வாரத்தில் முடியும் வாய்ப்பு 54-இலிருந்து சுமார் 23-க்கு இறங்கிவிடுகிறது. 12 வாரத்துக்கு 63. 13 வாரத்துக்கு 79. 14 வாரத்துக்கு 89. 85-ஐத் தாண்ட வேண்டுமானால் இனி ஏப்ரல் 10 என்றுதான் சொல்ல முடியும். கூடுதலாக வரக்கூடிய சில டிக்கெட்டுகளைக் கணக்கில் எடுத்ததும் தேதி இரண்டு வாரம் நகர்ந்தது. சுற்றுகளை ஆயிரத்திலிருந்து லட்சமாக்கினாலும் இந்த அளவுக்கு விடை மாறாது. சுற்றுகளைக் கூட்டினால் எண்ணின் ஆட்டம் அடங்கும், அவ்வளவுதான். உள்ளே போட்ட தகவலில் இல்லாதது வெளியே வராது.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

சீட்டு எடுக்கும்போது ஒவ்வொரு வாரமும் தனித்தனி என்று எடுத்துக்கொள்கிறோம். சென்ற வாரம் மோசமாக இருந்ததால் இந்த வாரமும் மோசமாக இருக்கும் என்ற தொடர்பு டப்பாவுக்குத் தெரியாது. உண்மையில் சில அணிகளில் அந்தத் தொடர்பு உண்டு. டெஸ்ட் சர்வர் கெட்டுப்போனால் மூன்று வாரம் தொடர்ந்து படுத்துவிடும். உங்கள் பட்டியலைக் கால வரிசையில் ஒரு கோடாக வரைந்து பாருங்கள். சின்ன எண்கள் எல்லாம் ஒரே இடத்தில் கும்பலாக இருந்தால் இந்தப் பிரச்சினை இருக்கிறது, சிமுலேஷன் தரும் இடைவெளி உண்மையைவிடக் குறுகலாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு வாரங்களை ஒரு சீட்டாக எழுதி, ஜோடியாகவே எடுத்தால் பெருமளவு சரியாகும். நம் அணியின் பட்டியலில் பூஜ்யத்துக்குப் பிறகு 5, 2-க்குப் பிறகு 5 என்று உடனே எழுந்துவிடுகிறது, ஆகவே தனிச் சீட்டே போதும்.

இன்னொன்று, போர்டில் டிக்கெட்டை மூடும் பழக்கம். சிலர் வேலை முடிந்த அன்றே மூட மாட்டார்கள், ஸ்பிரிண்ட் எனப்படும் சில வார வேலைத் தவணை முடியும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்துவார்கள். பட்டியல் 1, 9, 0, 8 என்று ஏறி இறங்கித் தெரிந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். வாரத்துக்குப் பதில் ஸ்பிரிண்டையே அலகாக வைத்து எண்ணலாம். அல்லது ஒரு மாதம் ஒழுங்காக மூடிவிட்டு அதன்பின் கணிக்கலாம்.

எத்தனை வாரத் தகவல் வேண்டும் என்று கேட்பார்கள். 8 முதல் 12 வாரம் நல்ல அளவு. பழைய தகவல் நிறைய இருந்தால் நல்லது என்று ஒன்றரை வருடத்துக்குப் பின்னால் போகாதீர்கள். அப்போது அணியில் வேறு ஆட்கள், வேறு வேலை. இரண்டு பேர் விலகிப் போயிருந்தால், அவர்கள் இருந்த வாரங்கள் இப்போதைய அணியைச் சொல்லாது. குறைந்த வாரங்கள் இருந்தாலும், ஆட்கள் மாறிய பிறகு வந்தவற்றையே வையுங்கள். டப்பாவில் இல்லாத எண் ஒருபோதும் வெளியே வராது என்பதும் நினைவிருக்கட்டும். நான்கு நல்ல வாரங்களை மட்டும் போட்டால் சிமுலேஷனுக்கு மோசமான வாரம் என்றால் என்னவென்றே தெரியாது.

இந்த முறை உங்கள் அணிக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. உங்களிடம் 30 வாரத் தகவல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 12 வாரத்தை மட்டும் டப்பாவில் போட்டு, அதற்குப் பின் வந்த 20 டிக்கெட்டுகள் எப்போது முடியும் என்று கணியுங்கள். உண்மையில் எப்போது முடிந்தது என்பது உங்களுக்கே தெரியும். அடுத்து ஒரு வாரம் நகர்த்தி மறுபடி செய்யுங்கள். 85 வாய்ப்புள்ள தேதி என்று சொன்னவற்றில் ஏறக்குறைய அதே விகிதம் பலித்திருந்தால் நம்பலாம். பாதிதான் பலித்தது என்றால் மேலே சொன்ன காரணங்களில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. எல்லாமே பலித்திருந்தால் நீங்கள் தேவையில்லாமல் தள்ளித் தேதி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான்கு வாரம் கழித்து

கணிப்பை ஒரு முறை செய்து சுவரில் ஒட்டிவைத்தால் பாதிப் பயன்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிய எண்ணைச் சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். நம் அணியின் ஜனவரி இப்படிப் போனது என்று வைத்துக்கொள்வோம்: 4, பொங்கல் வாரத்தில் 1, பிறகு 5, 4. மொத்தம் 14 டிக்கெட். இடையில் 5 புது டிக்கெட் சேர்ந்துவிட்டன. 40-இல் 14 போய், 5 சேர, மீதம் 31.

டப்பாவில் இப்போது 16 சீட்டு. ஷீட்டில் ஓட்டுபவர்கள் `Data!$A$13`-ஐ `$A$17` என்றும், `RANDBETWEEN(1,12)`-ஐ `RANDBETWEEN(1,16)` என்றும் மாற்ற வேண்டும். இதை மறந்தால் புதிய வாரங்கள் கணக்கிலேயே சேராது, எந்த எச்சரிக்கையும் வராது. வளர்ச்சிக்கு ஒதுக்கிய 12-இல் 5 செலவாகிவிட்டதால் இன்னும் 7 வரை வரலாம். ஆகவே இந்த முறை எடுக்க வேண்டியது 31 முதல் 38 வரை.

ஓட்டிப் பார்த்தால், இன்னும் 10 வாரத்துக்குள், அதாவது ஏப்ரல் 10-க்குள், முடியும் வாய்ப்பு 89-இலிருந்து சுமார் 77-க்கு இறங்கியிருக்கிறது. 11 வாரம், ஏப்ரல் 17 என்றால் சுமார் 90. இதை மேனேஜரிடம் பிப்ரவரி 2 அன்றே சொல்ல முடிகிறது. ஒரு வாரம் தள்ளுவதா, நான்கைந்து டிக்கெட்டை அடுத்த ரிலீஸுக்கு விடுவதா என்று முடிவெடுக்க அவருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஒற்றைத் தேதியோடு ஓடிய அணியில் இதே செய்தி பெரும்பாலும் தேதிக்கு முந்தைய வாரம்தான் வெளியே வரும்.

வாரா வாரம் வாய்ப்பு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஒரு வாரம் 89, அடுத்த வாரம் 84 என்றால் பதறத் தேவையில்லை. தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால், வேகம் குறைந்ததா, டிக்கெட் கூடியதா என்று தனித்தனியாகப் பாருங்கள். வாரத்துக்கு முடிவது அப்படியே இருந்து மீதம் மட்டும் குறையாமல் நின்றால், பிரச்சினை அணியில் இல்லை, உள்ளே வரும் வேலையில் இருக்கிறது. முடிவது குறைந்துகொண்டே வந்தால், கையில் எடுத்து முடிக்காமல் வைத்திருக்கும் டிக்கெட்டுகளை எண்ணுங்கள். ஆறு பேருக்கு 15 டிக்கெட் திறந்து கிடந்தால், புதிதாக எடுப்பதை நிறுத்தி இருப்பதை முடிக்கச் சொல்ல வேண்டும்.

மீதம் ஐந்தாறு டிக்கெட்டுக்கு வந்ததும் சிமுலேஷனை நிறுத்திவிடலாம். கடைசியில் மிஞ்சுபவை பெரும்பாலும் எல்லோரும் தள்ளிப்போட்டவை, வெளியிலிருந்து யாரோ பதில் தர வேண்டியவை, ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்தவை. பழைய வாரங்களின் கலவை இவற்றுக்குப் பொருந்தாது. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு டிக்கெட்டாக எடுத்து, இது யாரிடம் நிற்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். வெளியாள் ஒருவரின் ஒப்புதலுக்காக ஒரு டிக்கெட் காத்திருந்தால், அந்த ஒப்புதல் எந்த நாளில் வரும் என்பதே உங்கள் ரிலீஸ் தேதியை முடிவு செய்யும்.